குடோனில் கிடக்கும் துணிக்கு என்ன விலை போட்டு கொட்டேஷன் கொடுப்பது?

"திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஒரு ஆர்டர் கேன்சல் ஆனதில் ஆலிவ் கிரீன் சிங்கிள் ஜெர்சி துணி 600 கிலோ தேங்கிவிட்டது. வாங்கிய விலை கிலோ 520 ரூபாய். இப்போது ஆலிவ் உடம்பு, வெள்ளைக் கை வைத்து 2,000 டி-ஷர்ட் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருக்கிறார், பீஸுக்கு 128 தருவாராம். கணக்குப்பிள்ளை 520 போட்டு நஷ்டம் என்கிறார். பார்ட்னராக இருக்கும் மச்சான், 'துணிக்குத்தான் எப்பவோ காசு கொடுத்தாச்சே, அதற்கு என்ன விலை, 100 ரூபாய்க்குக் கேட்டாலும் கொடுத்துடலாம்' என்கிறார். யார் சொல்வது சரி?"

இரண்டு பேருமே தப்பு. கணக்குப்பிள்ளையின் தப்பு உங்களுக்கு நல்ல ஆர்டரை இழக்க வைக்கும். மச்சானுடைய தப்பு மோசமான ஆர்டரை எடுக்க வைக்கும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அதில் போகும் பணம் எந்தப் பேரேட்டிலும் தெரியாது.

520 ரூபாயை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். ஆர்டரை எடுத்தாலும் அந்தக் காசு போனதுதான், எடுக்காவிட்டாலும் போனதுதான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கும் தொகை முடிவை மாற்றாது. மச்சானுக்கு இது புரிந்திருக்கிறது, அதோடு அவர் நின்றுவிட்டார். போன காசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும், துணிக்கு மதிப்பே இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்த ஆர்டரில் போட்டுவிட்டால் அந்தத் துணியை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. அந்த 'வேறு எதற்கும்' என்பதில் எவ்வளவு பணம் இருக்கிறதோ, அதுதான் இந்த ஆர்டருக்குத் துணி விலை.

காஸ்டிங் வேலையில் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சரக்கு இன்று ராத்திரி காணாமல் போய்விட்டால், நாளைக் காலையில் நான் என்ன செய்வேன், அதனால் எனக்கு எவ்வளவு குறையும்? ஓடிப்போய்ப் புதிதாக வாங்குவேன் என்றால் இன்றைய வாங்கும் விலைதான் அதன் மதிப்பு. வாங்க மாட்டேன், 'சரி, போய்த் தொலைந்தது' என்று விட்டுவிடுவேன் என்றால், அதை விற்றோ வேறு வேலைக்குப் போட்டோ கிடைத்திருக்கக்கூடியதில் எது பெரிதோ அதுதான் மதிப்பு. இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கில்லை. ஜேம்ஸ் பான்பிரைட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1937-லேயே, ஒரு சொத்தை இழந்தால் உரிமையாளருக்கு எவ்வளவு நஷ்டமோ அதுவே அவருக்கு அதன் மதிப்பு என்று எழுதிவைத்தார். குடோனில் கிடக்கும் துணி ரோலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

முதலில் சுலபமானதை முடித்துவிடலாம். அது கைக்குப் போகும் வெள்ளைத் துணி. நீங்கள் சொல்லாத எண்களுக்கு நானே சிலதை வைத்துக்கொள்கிறேன், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா விலையும் ஜிஎஸ்டி சேர்க்காதது, கட்டிய வரி இன்புட் கிரெடிட்டாகத் திரும்பக் கிடைக்கும் என்பதால். கிரெடிட் எடுக்க முடியாதவராக இருந்தால் வாங்கும் விலையில் வரியையும் சேர்க்க வேண்டும்.

2,000 பீஸுக்கு வெள்ளை 60 கிலோ தேவை என்று வைப்போம். அது உங்களிடம் ஸ்டாக்கில் இருக்கிறது, முன்பு கிலோ 440-க்கு வாங்கியது. இன்றைக்கு வாங்கினால் 380. வெள்ளை உங்கள் கம்பெனியில் வாராவாரம் ஓடும் துணி. இந்த ஆர்டருக்கு 60 கிலோ எடுத்தால் அடுத்த வேலைக்கு அதே 60 கிலோவை வாங்கியே ஆக வேண்டும். ஆகவே விலை 380. மொத்தம் 22,800 ரூபாய். 440-ம் இல்லை, பூஜ்யமும் இல்லை.

விலை இறங்கும் காலத்தில் இது இனிக்கும். ஏறும் காலத்தில் இதே விதிதான் காப்பாற்றும். 2021-லும் 2022-ன் முதல் மாதங்களிலும் மில்கள் நூல் விலையை ஏற்றிக்கொண்டே போனதும், 2022 மே மாதம் அதைக் கண்டித்து பனியன் கம்பெனிகள் அடைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது குடோனில் இருந்த பழைய விலை நூலை வைத்து கொட்டேஷன் கொடுத்தவர்கள் கணக்கில் லாபம் பார்த்தார்கள். நூல் தீர்ந்து மறுபடி வாங்கப் போனபோது, அந்த லாபத்தில் பழைய அளவு நூலைக்கூட வாங்க முடியவில்லை. ஓடும் சரக்குக்கு, திரும்ப வாங்கப்போகும் நாளில் இருக்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும். இன்றைய விலையை எடுத்துக்கொள்வது, அந்த நாளுக்கு நம்மிடம் இருக்கும் நல்ல ஊகம் அதுதான் என்பதால். அடுத்த மாதம் ஏறுவது உறுதி என்று தெரிந்தால் ஏறிய விலையையே போடுங்கள்.

இனி ஆலிவ். இது ஓடும் துணி இல்லை. இன்று ராத்திரி காணாமல் போனால் நீங்கள் டையிங்குக்கு ஆள் அனுப்பி மறுபடி ஆலிவ் போடச் சொல்ல மாட்டீர்கள். எனவே புதிதாகப் போட ஆகும் விலை, 410 என்று வைப்போம், நேராக இங்கே வராது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'இன்றைய மார்க்கெட் விலை' என்று பாடத்தில் படித்ததை எல்லாச் சரக்குக்கும் போட்டுவிடுவார்கள். ஆனாலும் அந்த 410-ஐ மறந்துவிட வேண்டாம், கூரை மாதிரி மேலே நிற்கட்டும். பின்னால் தேவைப்படும்.

ஆலிவை வைத்து வேறு என்ன செய்யலாம்? ஒரு வழி விற்பது. காதர்பேட்டைப் பக்கம் ஸ்டாக் லாட் எடுக்கும் வியாபாரியிடம் கேட்டால், 300 கிலோவுக்கு மேல் இருந்தால் கிலோ 180, அதற்குக் குறைந்தால் 160 என்கிறார் என்று வைப்போம். ஏற்றுக்கூலி, எடைபோடும் செலவு, வண்டி எல்லாம் உங்கள் தலையில், கிலோவுக்கு 8 ரூபாய். கையில் நிற்பது 172. போனில் சொன்ன விலையை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். வியாபாரி வந்து ரோலைப் பிரித்துப் பார்த்த பிறகு சொல்வதுதான் விலை.

ரோலை நீங்களே முதலில் பிரித்துப் பாருங்கள். மேல் சுற்றை விட்டு இரண்டு மீட்டர் உள்ளே இழுத்து, மேல் சுற்றின் கலரோடு ஒட்டி வைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது பகல் வெளிச்சத்தில் இரண்டாகத் தெரியும். ரோலின் ஓரம் வெளுத்திருக்கிறதா, மடிப்பில் கோடு விழுந்திருக்கிறதா, தரையில் பட்ட ரோலில் ஈரப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வட்டக் கட்டரில் ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். கட்டர் வெட்டுவது 100 சதுர சென்டிமீட்டர் என்பதால், கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 600 கிலோ என்று புத்தகத்தில் இருப்பதில் நல்ல துணி எத்தனை கிலோ என்று தெரியாமல் மேலே கணக்குப் போட்டுப் பயனில்லை. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் 'வாங்கின விலையில் பாதிக்குக்கூடக் கேட்கிறான் இல்லை' என்று கோபித்துக்கொண்டு ஒரு லாட்டை விற்காமல் வைத்தோம். இரண்டு மழைக்காலம் போனது. பிரித்தபோது ஓரமெல்லாம் வெளுப்பு. முன்பு கேட்டதில் பாதி விலைக்குப் போனது. அந்த லாட்டை விற்க விடாமல் தடுத்தது பேரேட்டில் இருந்த விலைதான்.

இன்னொரு வழி, வேறு வேலைக்குப் போடுவது. ஆலிவ் மேல் கறுப்பு ஏறும். உங்களிடம் ஓடும் ஒரு கறுப்பு ஆர்டருக்கு இன்னும் 240 கிலோ கறுப்புத் துணி வாங்க வேண்டியிருக்கிறது, புதிதாக வாங்கினால் கிலோ 425 என்று வைப்போம். ஆலிவை மறுபடி டையிங் செய்து காம்பாக்டிங் முடித்து, போக்குவரத்தோடு கிலோவுக்கு 108 ரூபாய் ஆகிறது. டையிங்கில் எடை 4 சதவீதம் குறைகிறது. ஒரு கிலோ ஆலிவ் உள்ளே போனால் 960 கிராம் கறுப்பு வெளியே வரும். அந்த 960 கிராமை வெளியே வாங்கியிருந்தால் 408 ரூபாய். அதில் 108-ஐக் கழித்தால் 300. ஆக, கறுப்பாக மாற்றும் ஒவ்வொரு கிலோ ஆலிவும் உங்களுக்கு 300 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை. 425 ரூபாயையே மாற்று உபயோகத்தின் மதிப்பு என்று எழுதிவிடுவது நான் அதிகம் பார்த்த தவறு. மாற்றுவதற்கு ஆகும் செலவும் எடை இழப்பும் கழிந்த பிறகு நிற்பதுதான் மதிப்பு. அடுத்து, துணியில் சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டு முடித்திருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முதலில் அதை நீக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. ஐந்து கிலோவை சாம்பிளுக்கு அனுப்பிப் பார்க்காமல் 300 என்ற எண்ணை நம்ப வேண்டாம்.

172 ஒரு பக்கம், 300 ஒரு பக்கம். பெரியதை எடுக்க வேண்டும் என்றால் 300 என்று போட்டு, இந்த ஆர்டருக்கு வேண்டிய 400 கிலோவுக்கும் 1,20,000 என்று எழுதிவிடலாமா? பரீட்சையில் சரியாக இருக்கலாம். குடோனில் தப்பு. கறுப்புக்குத் தேவை 240 கிலோதான். அதற்கு 250 கிலோ ஆலிவ் போதும். மீதி 350 கிலோவுக்கு வியாபாரியை விட்டால் வேறு கதி இல்லை. ஒரே ரேக்கில், ஒரே கலரில், ஒரே விலைக்கு வாங்கிய துணிக்கு இப்போது இரண்டு மதிப்பு.

உங்கள் டி-ஷர்ட்டுக்கு உடம்புத் துணி பீஸுக்கு 200 கிராம் என்றால் 2,000 பீஸுக்கு 400 கிலோ. அந்த 400-ஐ எந்தத் துணியிலிருந்து எடுப்பீர்கள்? விவரமுள்ளவர் மதிப்புக் குறைந்ததைத்தான் முதலில் எடுப்பார். வியாபாரிக்குப் போக இருந்த 350 கிலோ முதலில் போகும், அது 350 × 172 = 60,200. இன்னும் வேண்டிய 50 கிலோவைக் கறுப்புக்கு வைத்ததிலிருந்து எடுக்க வேண்டும், 50 × 300 = 15,000. ஆக ஆலிவ் துணியின் விலை 75,200 ரூபாய்.

வெட்ட, தைக்க, செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் பீஸ் ரேட்டில் வெளியே கொடுப்பது, நூல், லேபிள், பாலிபேக் எல்லாம் சேர்த்து இந்த ஆர்டருக்காகக் கையிலிருந்து போகும் காசு பீஸுக்கு 62 என்று வைப்போம். 2,000 பீஸுக்கு 1,24,000. இதோடு வெள்ளைக்கு 22,800, ஆலிவுக்கு 75,200. கூட்டினால் 2,22,000. பீஸுக்கு 111 ரூபாய்.

பார்ட்டி தருவது 128, மொத்தம் 2,56,000. ஆர்டரை எடுத்தால் எடுக்காததைவிட 34,000 ரூபாய் கூடுதலாகக் கையில் நிற்கும். கணக்குப்பிள்ளை முறைப்படி ஆலிவ் 520, வெள்ளை 440 என்று போட்டால் செலவு 3,58,400 ஆகி, ஒரு லட்சத்து இரண்டாயிரம் நஷ்டம் என்று வரும், ஆர்டர் போய்விடும். மச்சான் முறைப்படி ஆலிவ் இனாம் என்றால் செலவு 1,46,800 மட்டும். 100 ரூபாய்க்குக் கொடுத்தாலும் 53,200 லாபம் என்று அவர் காட்டுவார். உண்மையில் 100 ரூபாய்க்குக் கொடுத்தால், ஆர்டரே எடுக்காமல் இருந்ததைவிட 22,000 ரூபாய் குறையும். அந்த 22,000 எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வியாபாரியிடம் வராத பணத்துக்கும், கறுப்புத் துணிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கும் 'ஆலிவ் டி-ஷர்ட்' என்று யாரும் பெயர் எழுதுவதில்லை.

கணக்கில் சந்தேகம் வந்தால் ஒரு குறுக்குச் சோதனை. துணி விலை என்ற பேச்சையே விட்டுவிட்டு இரண்டு கதைகளையும் முழுதாக எழுதிப் பாருங்கள். ஆர்டர் வேண்டாம் என்றால், 350 கிலோவை விற்று 60,200, 250 கிலோவைக் கறுப்பாக்கி 75,000 மிச்சம், ஆக 1,35,200. ஆர்டர் வேண்டும் என்றால், வருவது 2,56,000, அதில் தையல் வகையறாவுக்கு 1,24,000, வெள்ளைக்கு 22,800 போக 1,09,200, மீந்த 200 கிலோவைக் கறுப்பாக்கி 60,000, ஆக 1,69,200. வித்தியாசம் அதே 34,000. இந்த இரண்டு கதையிலும் 520 எங்கேயும் வரவில்லை என்பதை மட்டும் கணக்குப்பிள்ளைக்குக் காட்டுங்கள், வேறு விளக்கம் வேண்டியதில்லை. அவர் பேரேட்டை மாற்ற வேண்டியதும் இல்லை. வருடக் கடைசியில் ஸ்டாக்கை, வாங்கிய விலை, விற்றால் நிகரமாகக் கிடைப்பது, இரண்டில் குறைந்ததில் மதிப்பிடுவது ஆடிட்டரின் வேலை, அதற்கு 520 வேண்டும். கொட்டேஷன் வேலைக்கு வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம் எனக்கே முதல் தடவை ஆச்சரியமாக இருந்தது. உடம்புத் துணி தவிர மற்றதெல்லாம் பீஸுக்கு 73 ரூபாய் 40 காசு (தையல் வகையறா 62, வெள்ளை 11.40). முதல் 1,750 பீஸ் வியாபாரிக்குப் போக இருந்த துணியில் தைப்பது, துணி 34.40, ஆக 107.80. அதற்கு மேல் தைக்கும் ஒவ்வொரு பீஸும் கறுப்புக்கு வைத்த துணியைத் தின்னும். துணி 60 ரூபாய், ஆக 133.40. 128-க்கு விற்கும்போது அந்தப் பீஸ்களில் தலைக்கு 5.40 நஷ்டம். 600 கிலோவும் தீர்ந்து, 3,000 பீஸுக்கு மேல் போனால் புதிதாக 410-க்கு ஆலிவ் போட வேண்டும். அப்போது 155.40.

அதாவது பார்ட்டி சந்தோஷமாக வந்து 'இதே விலைக்கு 3,500 பீஸ் போட்டுக் கொடுங்க' என்று சொன்னால், உங்களுக்குக் கிடைப்பது 34,000-லிருந்து 14,900 ஆகக் குறையும். பெரிய ஆர்டர், குறைந்த காசு. நான்கு கிலோ எடுத்தாலும் நானூறு கிலோ எடுத்தாலும் கிலோவுக்கு ஒரே விலை என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது விழுங்கக் கஷ்டம். அதோடு புதிதாகப் போடும் ஆலிவ் பழைய லாட்டோடு ஷேடு சேராது. தனியாக வெட்டித் தனியாகக் கட்டி அனுப்ப வேண்டும். 100 கிலோ மாதிரிச் சின்ன லாட்டுக்கு டையிங்கில் ரேட்டும் கூட்டிக் கேட்பார்கள். கூடுதல் பீஸ் கேட்டால், 1,750-ஐத் தாண்டியதற்கு வேறு விலை சொல்லுங்கள், அல்லது மொத்த ஆர்டருக்கும் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள்.

இப்போது அந்தக் கூரைக்கு வரலாம். வேறு ஒரு கடைக்காரர் இதே ஆலிவில் கை உட்பட ஒரே கலர் டி-ஷர்ட் பீஸ் 165-க்குக் கேட்கிறார், அதற்குத் துணி தவிர 70 ரூபாய் ஆகும், துணி அதே 200 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். பீஸுக்கு 95 நிற்கும், கிலோவுக்குப் பார்த்தால் 475. விற்பனை 172, கறுப்பு 300, இது 475. பெரியது 475 என்பதால் துணி விலை 475 என்று போடலாமா? அவசரப்படாதீர்கள். துணியை முதல் பார்ட்டிக்கே கொடுத்துவிட்டாலும் கடைக்காரரின் ஆர்டர் கைவிட்டுப் போகாது. 410 கொடுத்துப் புதுத் துணி போட்டு அவருக்கும் தைத்துக் கொடுக்கலாம். ஆகவே உங்களுக்கு ஆகும் இழப்பு 410-தான். மாற்று உபயோகம் எவ்வளவு உயர்ந்தாலும், திரும்ப வாங்க முடிகிற வரை வாங்கும் விலையைத் தாண்டி மதிப்பு ஏறாது.

வாங்க முடியவில்லை என்றால் கூரை கழன்றுவிடும். கடைக்காரர் பத்து நாளில் வேண்டும் என்கிறார், டையிங்கில் இருபது நாள் ஆகும் என்றால், கையில் இருக்கும் துணி ஒன்றே துணி. அப்போது விலை 475. முதல் பார்ட்டியின் ஆர்டர் அதைத் தாங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். 128-க்கு நிச்சயம் தாங்காது. இந்த இடத்தில் சிலர் 410-ஐயும் போட்டு, 'இழந்த லாபம்' என்று இன்னொரு தொகையையும் மேலே கூட்டுவார்கள். அது ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை எழுதுவது. ஒரு கிலோ துணியை ஒரே ஒரு தடவைதான் விற்கவோ தைக்கவோ முடியும்.

மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. கேன்சல் ஆன ஆர்டருக்கு வாங்கிய, பிராண்ட் பெயர் போட்ட பட்டனும் லேபிளும் உங்களிடம் இருக்கும். அதை வேறு யாருக்கும் பயன்படுத்த முடியாது, விலை பூஜ்யம். காலாவதி நெருங்கிய பிரிண்டிங் மை நாற்பது கிலோ கிடக்கிறது, அதை முறைப்படி அப்புறப்படுத்த 2,000 ரூபாய் ஆகும் என்றால், இந்த ஆர்டரில் அதைச் செலவழிக்க முடிகிறபோது அந்த 2,000 மிச்சம். மை விலை கழித்தல் 2,000 என்றே கணக்கில் எழுதலாம். மை பிடிக்கிறதா என்று ஒரு துண்டில் அடித்துத் துவைத்துப் பார்த்த பிறகு.

கடைசியாக, உங்கள் கணக்கில் எல்லாமே தொங்கிக்கொண்டிருப்பது அந்தக் கறுப்பு ஆர்டரில்தான். 300 ரூபாய் என்ற மதிப்பு வந்ததே, 240 கிலோ கறுப்பை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்பதால். பர்ச்சேஸ் பார்ப்பவர் போன வாரமே கறுப்புக்கு ஆர்டர் போட்டு, அதை ரத்து செய்ய முடியாது என்றால், ஆலிவைக் கறுப்பாக்கி ஒரு பைசா மிச்சமில்லை. அப்போது 600 கிலோவுக்கும் வியாபாரி மட்டும்தான். முழுசாக விற்றால் 600 × 172 = 1,03,200. 400 கிலோவை ஆர்டருக்கு எடுத்துவிட்டால் மிஞ்சும் 200 கிலோ சின்ன லாட், 160 ரேட்டில் செலவு போக 152 நிற்கும், 30,400. வித்தியாசம் 72,800-தான் ஆலிவின் விலை. கிலோவுக்கு 172 இல்லை, 182, ஏனென்றால் லாட்டை உடைத்ததில் மீதியின் விலையும் இறங்கியது. அந்த நிலையில் ஆர்டரின் அடிவிலை 111 இல்லை, 109 ரூபாய் 80 காசு.

பார்ட்டியிடம் பேசுவதற்கு முன்னால் பர்ச்சேஸ் பார்ப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். கறுப்புக்கு ஆர்டர் போயாச்சா என்று மட்டும் கேளுங்கள்.